கண்ணாடி தண்ணி காட்டும்

கொடைக்கானல் குளிருக்குக்கூடப் பழகிவிடலாம், பாய்லருக்குப் பழகவே முடியாது என்பாள் செல்வமேரி. அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அட்டுவம்பட்டிக்குக் கீழே, தைல மரக் காட்டை ஒட்டி இருந்த சின்னத் தைலக் கம்பெனியில் தினமும் விடிகாலையில் பாய்லருக்குத் தீ வைப்பவன் அவள் புருஷன் கஸ்பார். அவள் அதே கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். அதற்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறே ஆறு மாதம், வேறொருத்தி பிள்ளை பெறப் போன லீவில் பாடம் எடுத்தவள். ஆனாலும் ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. ஆறு மாதத்துக்கு ஆயுசு பூராவும் பட்டம். அவளும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆள் உயரத்துக்கு மூன்று இரும்பு அண்டாக்கள். பதினோரு பெண்கள் தைல இலையை அந்த அண்டாக்களில் திணித்து மிதித்து இறுக்குவார்கள். பாய்லரிலிருந்து வரும் ஆவியை அண்டாவின் அடியில் விட்டால், அது இலைக்குள் புகுந்து தைலத்தையும் கூட்டிக்கொண்டு மேலே வரும். குளிர வைத்தால் தண்ணீருக்கு மேலே தைலம் மிதக்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஆவியை உண்டாக்கும் பாய்லர் இருக்கிறதே, அதற்குள் தண்ணீர் இருக்கிறவரைதான் அது பசு. தண்ணீர் இல்லாமல் தீ எரிந்தால் எமன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், மலைக்குக் கீழே சமவெளியில் ஏதோ ஓர் எண்ணெய் மில்லில் பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்துப் போனதாகப் பேப்பரில் வந்தது. அந்தப் பேப்பரைப் படித்த நாளிலிருந்து செல்வமேரிக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்பார் சிரித்தான்.

"அட போ மேரி. பாய்லரும் பால் சட்டியும் ஒண்ணுதான். பொங்குறதுக்குள்ள எறக்கணும், அம்புட்டுத்தான் சோலி."

"பால் சட்டி பொங்குனா அடுப்புதாங்க அணையும்" என்றாள் அவள்.

மேனேஜர் இராமலிங்கமும் அந்தப் பேப்பரைப் படித்திருந்தார். பழனிக்காரர், கறாரான மனுஷர், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஃபைலைத் தொடமாட்டார். மதுரையிலிருந்து சேனாதிபதி என்ற ரிட்டயர்டு பாய்லர் இஞ்சினியரை வரவழைத்தார். சேனாதிபதி ஒரு வெள்ளிக்கிழமை வந்து, பாய்லர் பக்கத்திலேயே நின்று ஒன்றரை மணி நேரம் பேசினார். தன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டேப் ரிக்கார்டரை மேனேஜர் ஒரு முக்காலியில் வைத்து முழுசையும் பதிந்துகொண்டார். கேசட்டின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது.

விதியைப் பாருங்கள். தீ வைக்கிற கஸ்பார் அன்றைக்கு ஊரில் இல்லை. அக்காள் மகள் நிச்சயதார்த்தம் என்று அய்யம்பாளையம் போயிருந்தான். செல்வமேரியோ ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றே தபாலில் சேர வேண்டிய கடிதங்களை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆக, யார் கேட்டிருக்க வேண்டுமோ அந்த இரண்டு பேருமே கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, டேப் ரிக்கார்டரை மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், இது ஒண்ணரை மணி நேரப் பேச்சு. தெனமும் காலைல இதப் போட்டுக் கேட்டுட்டு வேலைய ஆரம்பிச்சா வெளங்குமா? அதுக்குள்ள எலை காஞ்சு சருகாயிரும். எனக்கு ஒரே ஒரு அட்டை வேணும். எட்டு வரி. ஷிப்ட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நின்னு படிக்கணும், ஒவ்வொண்ணாப் பாத்து டிக் அடிக்கணும், பெறகுதான் தீப்பெட்டியத் தொடணும். சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க."

"செஞ்சிருதேன் சார்" என்றாள் செல்வமேரி. அவளுக்குக் கோடி புண்ணியம் கிடைத்தது போல இருந்தது. புருஷன் உயிருக்கு ஒரு காவல் எழுதும் வேலையை அவள் கையிலேயே கொடுத்தால் பின்னே எப்படி இருக்கும்?

ஆனால் அந்தக் கேசட் இருக்கிறதே, அம்மாடி! சேனாதிபதி பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் பம்பாயைப் பற்றிப் பத்து வார்த்தை சொன்னார். சேஃப்டி வால்வைச் சொல்ல வந்தவர் மாமியாரிடம் போய்விட்டார். "எங்க மாமியாருக்குக் கோவம் வந்தா அப்பப்பக் கொஞ்சம் கத்த விட்டுரணும். வாய அடச்சம்னு வைங்க, வீடே வெடிச்சுரும். வால்வும் அப்படித்தான், அதுமேல கல்லத் தூக்கி வைக்காதீங்க." பெண்கள் சிரித்த சிரிப்பில் ரிக்கார்டரே ஒருமுறை கிரீச்சிட்டது. செல்வமேரி பட்டனை அமுக்குவாள், நிறுத்துவாள், பின்னால் ஓட்டுவாள், மறுபடி கேட்பாள், நோட்டில் எழுதுவாள். நாலு நாளில் முப்பத்தோரு பக்கம் எழுதிவிட்டாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துப் பதரைப் புடைக்க ஆரம்பித்தாள். பம்பாய் போனது. மாமியார் போனாள். சிரிப்பெல்லாம் போனது. வால்வும் கல்லும் மட்டும் நின்றன.

இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம். அங்கே டீ வந்துவிட்டது போலிருக்கிறது. டம்ளர்கள் கலகலவென்று உருண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே சேனாதிபதி, பாய்லரின் தண்ணீர் மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாயைப் பற்றி, "கண்ணாடி இருக்கே கண்ணாடி, அது தண்ணி காட்டும்" என்றார். உடனே ஒரே சிரிப்பு. டம்ளரை யாரோ போட்டு உடைத்துவிட்டார்கள், அதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று செல்வமேரி நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் குரல் தூரப் போய்விட்டது. "இங்க வாங்க... இந்தா, இப்படி... பாத்தீங்களா... இப்படி... இப்பத் தெரியுதா?" அவ்வளவுதான். பிறகு மைக் பக்கம் வந்து பம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்படி, இந்தா என்பதையெல்லாம் அட்டையில் எப்படி எழுதுவது? அதையும் அடித்தாள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். டீச்சர் பட்டம் சும்மா இருக்குமா? பேச்சுத் தமிழை அப்படியே அட்டையில் எழுத அவளுக்குக் கை கூசியது. தொறந்து என்பதைத் திறந்து ஆக்கினாள். கெடக்கு என்பதைக் கிடக்கிறது ஆக்கினாள். தண்ணியைத் தண்ணீர் ஆக்கினாள். எல்லா வரியும் ஒரே மாதிரி முடிந்தால் படிக்க நன்றாயிருக்கும் என்று, எல்லாவற்றுக்கும் ஒரு வேண்டும் போட்டாள். இரண்டாவது வரி இப்படி வந்தது: கண்ணாடி தண்ணீர் காட்ட வேண்டும்.

படித்துப் பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

சட்டப்படி கஸ்பார் தனியாகத் தீ வைக்கவே கூடாது. சர்டிபிகேட் வாங்கிய பாய்லர் அட்டெண்டர் திருமலைச்சாமி பக்கத்தில் இருக்க வேண்டும். அவரோ பேத்துப்பாறையிலிருந்து ஏழரை மணி பஸ்ஸில்தான் வருவார். அவர் வருவதற்குள் ஆவி ஏறியிருக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். சேனாதிபதி இதையும் கேசட்டில் சொல்லியிருந்தார். செல்வமேரி இதை முதல் வரியாக எழுதிக் காட்டியபோது மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அது பெறகு பாக்கலாம் டீச்சர்." சரி என்று அதையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அட்டையின் முதல் நாள். கஸ்பாரோடு செல்வமேரியும் வெள்ளனே கிளம்பிவிட்டாள். "நீ எதுக்கு இந்தக் குளிர்ல?" என்று அவன் கேட்டான். "நான் எழுதுனத நீங்க படிக்கிறதப் பாக்கணும்" என்றாள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

கொட்டகையில் பாய்லர் சில்லிட்டு நின்றது. ஞாயிறு முழுக்க ஓய்வு. பக்கத்துச் சுவரில் அட்டை தொங்கியது. இலை திணிக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து முக்காட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் கித்தேரியம்மாள். ஐம்பது வயசு இருக்கும். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கிறவள். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பயந்து மேனேஜரே சுற்றிக்கொண்டு போவார்.

கஸ்பார் சாக்பீஸை எடுத்தான். அட்டை முன்னால் நின்று, இரண்டாம் வகுப்புப் பையன் மாதிரி விரல் வைத்துச் சத்தமாகப் படித்தான்.

"ஒண்ணு. பாய்லரைச் சுற்றி எண்ணெய்த் துணி, சருகு கிடக்காமல் இருக்க வேண்டும்." சுற்றிப் பார்த்தான். கிடந்த சருகைக் காலால் ஒதுக்கினான். டிக்.

செல்வமேரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ரெண்டு. கண்ணாடி தண்ணீர் காட்ட வேண்டும்." பாய்லரின் பக்கவாட்டில் ஒரு முழ உயரத்துக்கு நிற்கும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தான். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு அதிலும் தெரியும். பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. "காட்டுது." டிக்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கித்தேரியம்மாள்.

"என்ன சிரிப்பு அங்க?" என்றாள் செல்வமேரி. பழைய வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல டீச்சர். அந்த மதுரைக்காரரு சொன்ன சோக்கையும் எழுதிட்டீகளேன்னு சிரிச்சேன்."

"ஜோக்கெல்லாம் நான் எழுதல. அதெல்லாம் வெட்டியாச்சு."

"எழுதியிருக்கே. தண்ணி காட்டணும்னு இப்பத்தான கஸ்பாரு படிச்சான்?"

"கண்ணாடில தண்ணி தெரியணும்னு அர்த்தம்."

"அய்யோ, அது இல்லையே!" கித்தேரியம்மாள் இலைக்கட்டைக் கீழே போட்டாள்.

கஸ்பாருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மிச்ச வரிகளை மளமளவென்று படித்து டிக் அடித்துக்கொண்டே போனான். ஒரு நொடி போட்டுப் பார்த்தான், பம்பு ஓடியது. ஆவி அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்றது. வால்வுமேல் கல் இல்லை. சகதியை வெளியேற்றும் அடிவால்வின் கைப்பிடி மூடித்தான் இருந்தது. எட்டும் முடிந்தது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்த சுள்ளியை அடுப்புக்குள் தள்ளி, தீப்பெட்டியை எடுத்தான்.

"ஏலே கஸ்பாரு! அந்தத் தீப்பெட்டியக் கீழ வை."

"என்னக்கா, நேரமாவுது..."

"வைலேங்கறேன்ல!" அவள் போட்ட சத்தத்தில் அவன் நிஜமாகவே வைத்துவிட்டான். கித்தேரியம்மாள் செல்வமேரி பக்கம் திரும்பினாள். "டீச்சர், கோவிச்சுக்காதீக. நான் எழுத்து வாசனை இல்லாதவ. ஆனா அந்த அய்யா கண்ணாடி தண்ணி காட்டும்னு சொன்னப்ப நாங்க எல்லாரும் சிரிச்சோம். தண்ணி தெரியும்னு அவரு சொல்லியிருந்தா அதுல சிரிக்க என்ன இருக்கு? கடங்காரன் தண்ணி காட்டுறாம்பாகள்ல, அந்தத் தண்ணி! கண்ணாடி நம்மள ஏமாத்தும், நம்பாதீகன்னு சொன்னாரு."

செல்வமேரி திரும்பி அட்டையைப் பார்த்தாள். தண்ணி காட்டும். தண்ணீர் காட்ட வேண்டும். எத்தனை பேர் எத்தனை பேருக்குத் தண்ணி காட்டியதை அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்! சந்தையில், வீட்டில், நேற்றுக்கூடப் பக்கத்து வீட்டு லீலாவைப் பற்றி. தண்ணியைத் தண்ணீராக மாற்றியதும் வார்த்தையின் குடலே மாறிப்போய்விட்டது. எச்சரிக்கை என்று அவர் சொன்னதை உத்தரவாதம் என்று இவள் எழுதிவிட்டாள். அதுவும் யாருக்கு? தீப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவனுக்கு.

"பெறகு அவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டாள்.

"வாங்க இங்கன்னு எங்களக் கூப்புட்டு, செஞ்சு காட்டுனாரு."

இப்படி, இந்தா, பாத்தீங்களா! கேசட்டில் வெறும் காலடிச் சத்தமாகக் கிடந்த இடம் அதுதான். கண்ணால் பார்த்ததைக் காதால் எப்படி எழுதுவது? சேனாதிபதியின் கை செய்ததைக் கேசட் பிடிக்கவில்லை. கித்தேரியம்மாளின் கண் பிடித்து வைத்திருந்தது.

"அத நீங்க செஞ்சு காட்டுங்கக்கா" என்றாள் செல்வமேரி.

கித்தேரியம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். "கண்ணாடிக்கு அடியில இந்தா ஒரு சின்னக் குழாய் இருக்கு பாருங்க. மொதல்ல இதத் தொறக்கணும். கண்ணாடில நிக்கிற பழைய தண்ணி போயிரும். பெறகு மூடணும். மூடுனதும் புதுத் தண்ணி சடக்குனு மேல ஏறி வரணும். வந்தாத்தான் வயித்துக்குள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். வரலேன்னா தீயத் தொடாதன்னாரு." சொல்லிக்கொண்டே திறந்தாள். கண்ணாடியில் நின்ற தண்ணீர் சளசளவென்று கீழே கொட்டியது. கண்ணாடி காலி. குழாயை மூடினாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஏறவில்லை. கஸ்பார் குனிந்து பார்த்தான். தட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு ஏறவில்லை.

கஸ்பார் மெதுவாகத் தீப்பெட்டியை எடுத்து, தன் பையில்கூடப் போடாமல், கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய்க் கல்மேல் வைத்துவிட்டு வந்தான்.

ஏழரை பஸ்ஸில் வந்து இறங்கிய திருமலைச்சாமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியின் அடிப்பக்கம் பாய்லரோடு சேருகிற இடத்தில் இருந்த திருகைத் தொட்டார்.

"மூடிக் கெடக்கு" என்றார். "சனிக்கெழம இங்கன ஒழுகுதுன்னு நட்டை முடுக்குனேன். அப்ப மூடுனது. தொறக்க மறந்துட்டேன்."

ஆக, கண்ணாடியில் நின்றது சனிக்கிழமைத் தண்ணீர். பாய்லருக்குள் என்ன நடந்தாலும் அது அசையாமல் அப்படியே நின்றிருக்கும். திருமலைச்சாமி திருகைத் திறந்தார். அப்போதும் கண்ணாடியில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்ப் பாய்லரின் கழிவுக் குழாயில் கை வைத்தார். ஈரம். சனிக்கிழமை சாயங்காலம் சகதியை வெளியேற்றிவிட்டு மூடிய அடிவால்வு சரியாக உட்காராமல், ஞாயிறு பூராவும் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. கைப்பிடி என்னவோ மூடித்தான் இருந்தது.

"தீ வெச்சிருந்தா?" என்று செல்வமேரி கேட்டாள். பதில் தெரிந்தும் கேட்டாள்.

"இரும்பு செவந்திருக்கும் டீச்சர். அந்த நேரத்துல யாராச்சும் பதறிப் பம்பைப் போட்டுப் பச்சத் தண்ணிய உள்ள விட்டிருந்தா, அந்த நிமிஷமே வெடிச்சிருக்கும்." இப்போது சில்லிட்டுக் கிடப்பதால் பயமில்லை என்று சொல்லி, அடிவால்வைக் கழற்றிச் சரிபண்ணி மாட்டிவிட்டு, பம்பைப் போடச் சொன்னார். வெகுநேரம் கழித்துக் கண்ணாடியின் அடியில் தண்ணீர் தலைகாட்டியது. மூன்று தடவை கொட்டி மூன்று தடவை நிரப்பிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மேனேஜர் வந்ததும் செல்வமேரி நேராகப் போய் நின்றாள். "தப்பு என்னுது சார். நான் எழுதுன வரிதான் தப்பு." பின்னாலேயே வந்த திருமலைச்சாமி, "மொதத் தப்பு என்னுதுங்க" என்றார். இராமலிங்கம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "பெறகு பாக்கலாம்னு நான் சொன்னது ஒண்ணு இருக்கே" என்று மெல்லச் சொன்னார். "அத மொத வரியாப் போடுங்க டீச்சர். பஸ்ஸுக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம், திருமலைச்சாமிக்கு நாளைலருந்து இங்கயே ரூம்பு."

அன்றைக்கு மத்தியானம் செல்வமேரி அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கித்தேரியம்மாளைத் தேடிப் போனாள். இலைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள் அவள். செல்வமேரி பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னவோ சொல்ல வந்தாள், அழுகைதான் வந்தது.

"அக்கா, எம் புருஷன் உசுரத் திருப்பிக் குடுத்திருக்கீக."

"அட, நீங்க ஒண்ணு! அழாதீக டீச்சர். நான் ஒங்க புருஷனுக்காகவா கத்துனேன்? பாய்லருக்கும் நான் நிக்கிற அண்டாவுக்கும் பத்தடி. வெடிச்சா மொதல்ல போறது நானு, பெறகு இந்தா, இவ, அவ, எல்லாரும். ஒங்க வீட்டுக்காரன் எங்களுக்குப் பெறகுதான்!"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். செல்வமேரியால் சிரிக்க முடியவில்லை. எட்டு வரி எழுதிய நாலு நாளும் அவள் கண்முன் நின்றது கஸ்பாரின் முகம் ஒன்றுதான். இந்தப் பதினோரு முகமும் ஒரு தடவைகூட வரவில்லை. அவன் படிப்பான், அவனுக்குப் புரிந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாள். படிக்கத் தெரியாதவள் ஒருத்தி பக்கத்தில் நின்று கேட்டதால்தான் அவனே இன்றைக்குச் சோறு தின்கிறான்.

"மிச்சம் ஏழு வரி இருக்கு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் படிக்கேன். நீங்க எல்லாரும் அதச் செஞ்சு காட்டணும். எந்த வரியக் கேட்டு ஒங்க கைக்கு என்ன செய்யன்னு தெரியலையோ, அந்த வரி தப்பு."

அன்றைக்குக் கம்பெனியில் தைலம் இறங்கவில்லை. வரிகள்தான் இறங்கின. அடிவால்வு மூடியிருக்க வேண்டும் என்று அவள் படித்ததும் சண்முகசுந்தரி என்பவள் போய்க் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, "மூடியிருக்கு" என்றாள். "காலைலயும் மூடித்தான இருந்துச்சு?" என்றாள் கித்தேரியம்மாள். அந்த வரியும் செத்தது. பின்பக்கக் குழாயின் வாயில் கை வைத்துப் பார், ஈரம் இருந்தால் தீ வைக்காதே என்று புதிதாகப் பிறந்தது. கண்ணாடி வரி இப்படி ஆனது: கண்ணாடியை நம்பாதே. ஒரு தடவை கொட்டு. சடக்குனு ஏறினால்தான் தீ.

"சடக்குனு ஏறுனாத்தான்னு அப்படியே எழுதட்டா?" என்று கேட்டாள் செல்வமேரி.

"பெறகு? தண்ணி மெதுவா ஏறுனா உள்ள அடைப்பு இருக்குன்னு அந்தய்யா சொன்னாரே. சடக்குனு வேணும்."

எழுதினாள். டீச்சர் கை கொஞ்சமும் கூசவில்லை.

இவ்வளவும் ஆன பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனாள். "இதக் கட்டிக்கிட்டு எலை மிதிக்கவா?" என்று கித்தேரியம்மாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கூப்பிட்டாள். வந்து தின்றுவிட்டு, உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் செல்வமேரி கோயிலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நன்றிப் பூசை எழுதிக் கொடுத்தாள். சீட்டில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. சுருக்கமாக எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைய ஜனம். சாமியார் சீட்டைப் பிரித்து, பூசை எதற்காக என்ற கருத்தை வாசித்தார். "கித்தேரியம்மாளின் காதுகளுக்காக, செல்வமேரி கஸ்பார் குடும்பத்தார் கேட்ட நன்றிப் பூசை." பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த கித்தேரியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தால், கித்தேரியம்மாளைச் சுற்றிப் பெரிய கூட்டம்.

"காதுல சீழா யக்கா? வெள்ளப்பூண்ட நல்லெண்ணெயில காய்ச்சி விடுங்க."

"ஆப்பரேசன் பண்ணுனாகளா? எந்த ஆஸ்பத்திரி? கேக்குதா இப்ப?" இப்படிக் கேட்டவள் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தியே கேட்டாள்.

"எனக்கு ஒரு எழவும் இல்ல, விடுங்கடி!" என்று கித்தேரியம்மாள் கத்தினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து செல்வமேரியின் கையைப் பிடித்தாள். "ஏன் டீச்சர், ஒங்களுக்குச் சுருக்கி எழுதுற புத்தி போகவே போகாதா? ஊரே என்னைச் செவிடின்னு நெனச்சுக்கிட்டு நிக்குது. நீங்களே சொல்லுங்க இவளுகளுக்கு. சுருக்காமச் சொல்லுங்க!"

செல்வமேரி கோயில் படியில் ஏறி நின்றாள். கேசட்டிலிருந்து ஆரம்பித்தாள். டம்ளர் சத்தத்தைச் சொன்னாள், சிரிப்பைச் சொன்னாள், தண்ணியைத் தண்ணீர் ஆக்கிய தன் புத்தியைச் சொன்னாள், தீப்பெட்டியைச் சொன்னாள், பாய்லருக்கும் அண்டாவுக்கும் நடுவே இருக்கும் பத்தடியைச் சொன்னாள். வெயில் ஏறியது. பசியில் பிள்ளைகள் அழுதன. ஒருத்தரும் நகரவில்லை. கஸ்பார் கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"இந்த அக்கா காது கொடுத்துக் கேக்கலேன்னா" என்று செல்வமேரி முடித்தாள், "இன்னிக்கும் நீங்க எல்லாரும் இதே கோயிலுக்குத்தான் வந்திருப்பீக. பன்னெண்டு பேருக்குப் பூசை நடந்திருக்கும். எனக்கு ஒத்த வார்த்தை பேச வாய் வந்திருக்காது."

பூண்டும் நல்லெண்ணெயும் சொன்ன பெண் மெதுவாகக் கையை நீட்டி, கித்தேரியம்மாளின் காதைத் தொட்டு, அந்த விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.